"அங்கே அதைச் செய்வதில்லை" என்று எந்தப் பாட்டி சொல்லுவாள்?

இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவரின் மகள், நர்சிங் படித்தவள், இத்தாலிக்குப் போய் ஒரு வயதான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள். அந்த அம்மாவின் மகன் லண்டனில் இருக்கிறான். அம்மா என்ன சாப்பிட்டாள், எவ்வளவு நடந்தாள் என்று தினமும் ராத்திரி இந்தப் பெண் அவனுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். அவளுக்கு இத்தாலியன் இன்னும் சரியாக வராததால் இந்த ஏற்பாடு.

ஒரு நாள் சாயங்காலம் நடக்கக் கூட்டிப் போகும்போது, பாதி வழியில் அந்தப் பாட்டி நின்று, "நோன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ" என்றாள். இந்தப் பெண்ணிடம் ஊரிலிருந்து கொண்டுபோன பாடப்புத்தகம் ஒன்று உண்டு. இத்தாலியன் ஒரு பத்தி, ஆங்கிலம் ஒரு பத்தி, தமிழ் ஒரு பத்தி. அதில் அதே வாக்கியம் இருந்தது. ஆங்கிலம்: "ஐ டூ நாட் டூ இட் தேர் எனி மோர்". தமிழ்: "நான் அதை அங்கே இனிமேல் செய்வதில்லை".

பிள்ளை அதை நம்பி, பாட்டி இனி நடைப் பயிற்சி செய்வதில்லை என்கிறாள் என்று மகனுக்கு எழுதிவிட்டாள். அவன் மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு, "ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய்?" என்று சத்தம் போட்டிருக்கிறான். பாட்டி அழுதிருக்கிறாள். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் வலுக்கட்டாயமாக நடக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் கால் வீங்கி மூச்சு இரைத்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பாட்டி சொன்னது வேறொன்றுமில்லை. நம்மூர்க் கிழவி சொல்லுவாளே, "இனி என்னால ஏலாது மக்கா" என்று, அதேதான். ஆங்கிலத்தில் "ஐ கான்ட் மேனேஜ் எனி மோர்". அந்த ஒரு வரி போயிருந்தால் மகன் சத்தம் போட்டிருக்க மாட்டான். முதல் நாளே டாக்டர் வந்திருப்பார்.

அந்தப் பெண் போனில் என்னிடம் கேட்டது இதுதான்: "தாத்தா, ஒங்களுக்குப் பிரெஞ்சு தெரியும்லா, இந்த லா-ங்கது எது? ச்சே-ங்கது எங்க? பாட்டி எதைச் சொன்னா, எந்த எடத்தைச் சொன்னா?"

எதையும் சொல்லவில்லை, எந்த இடத்தையும் சொல்லவில்லை. அதுதான் விஷயமே.

இத்தாலியனை நான் முறையாகப் படித்தவன் இல்லை. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிற்பாடு அரசாங்க வேலையில் கோப்புகளோடு காலம் போனது. ஆனால் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவனுக்கு இத்தாலியன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, முகச்சாடையிலேயே பிடிபடும். பிரெஞ்சிலும் இந்தச் சங்கதி உண்டு. "ஜ மான் வே" என்றால் கிளம்புகிறேன் என்று பொருள். அதைப் பிய்த்தால் "நான் என்னை அங்கிருந்து போகிறேன்" என்று வரும். எங்கள் வாத்தியார் அப்படிப் பிய்க்கிறவனைப் பெஞ்சில் ஏற்றுவார். "வினையும் அதன் வாலும் சேர்ந்து ஒரே உயிர். வாலை வெட்டி எடை போடாதே" என்பார். அறுபது வருஷம் கழித்து அந்தப் பாடம் எனக்கு உதவுகிறது.

இத்தாலியனில் இந்த வகை வினைகளுக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஃபார்ச்சேலா, இன்னொன்று அந்தார்சேனே.

ஃபார்ச்சேலாவில் மூன்று துண்டு இருக்கிறது. ஃபாரே என்றால் செய். ச்சி என்றால் அங்கே. லா என்றால் அதை. மூன்றும் ஒட்டிக்கொண்ட பிறகு 'அங்கே'யும் இல்லை, 'அதை'யும் இல்லை. சமாளி, தாக்குப்பிடி, முடித்துக் காட்டு என்கிற ஒரே அர்த்தம்தான் நிற்கிறது.

துண்டுகள் உயிரோடு இருக்கின்றனவா, செத்துவிட்டனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரலால் சுட்டிப் பாருங்கள். "அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்கும்போது ஒருவர் "ச்சே லா போர்த்தோ இயோ" என்கிறார். இங்கே லா என்பது அம்மா, ச்சே என்பது ஆஸ்பத்திரி. இரண்டையும் சுட்டிக் காட்டலாம். அப்போது சொல்லுக்குச் சொல் எழுதுவதுதான் சரி: நான் அவளை அங்கே கூட்டிப் போகிறேன். ஆனால் நடுத்தெருவில் மூச்சு வாங்க நிற்கிற கிழவி "ச்சே லா" என்றால் எதைச் சுட்டுவீர்கள்? சுட்ட ஒன்றுமில்லை. சுட்ட ஒன்றுமில்லாத இடத்தில் துண்டுகளை மொழிபெயர்க்கக் கூடாது. புத்தகம் எழுதியவர் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் போதும்.

சரி, துண்டுகளை விட்டுவிட்டோம். ஆங்கிலத்தில் என்ன எழுதுவது? இங்கே இன்னொரு வலை இருக்கிறது. ஃபார்ச்சேலாவுக்கு "மேக் இட்" என்று ஒரே சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தப்பு.

முதலில் காலத்தைப் பாருங்கள். இத்தாலியன் நிகழ்காலத்தில் 'முடியும்' என்கிற சொல் வெளியே தெரியாது. அது வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வெளியே எடுத்துப் போட வேண்டும். ஆகவே "ச்சே லா ஃபாய்?" என்று கேட்டால் "கேன் யூ மேனேஜ்?" என்றுதான் வர வேண்டும். "டூ யூ மேக் இட்?" என்றால் எந்த ஆங்கிலேயனுக்கும் புரியாது. நமக்கு இது சிரமமே இல்லை. மூட்டை தூக்குகிறவனைப் பார்த்து "முடியுமா?" என்றுதானே நாமும் கேட்கிறோம்.

கடந்த காலத்தில் அந்தக் 'கேன்' காணாமல் போய்விடும். பரீட்சையில் தேறியவள் "ச்சே லோ ஃபாத்தா!" என்று கத்துவாள். அது "ஐ டிட் இட்!" ஓடிப்போய்க் கடைசி பஸ்ஸைப் பிடித்தவன் அதே சொல்லைச் சொன்னால் "ஐ மேட் இட்". தனியாகக் குளித்து உடுத்திக்கொண்ட நோயாளி அதையே சொன்னால் "ஐ மேனேஜ்ட்". இத்தாலியனில் ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் மூன்று. எதை எழுதுவது என்று அகராதி சொல்லாது. ஜெயித்ததா, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, கஷ்டத்தைச் சமாளித்ததா என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"இனி ஏலாது" என்பதும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் பாட்டி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு "நோன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ" என்றால், வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். "ஐ கான்ட் ஈட் எனி மோர்" போதும். படியில் நின்று சொன்னால் கால் தளர்ந்துவிட்டது. ராத்திரி படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னால் "ஐ கான்ட் கோ ஆன்". அது மகனுக்கு மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப்போகிற விஷயம் இல்லை, டாக்டருக்கும் சொல்ல வேண்டியது. சொல் ஒன்றுதான். தட்டு, படி, படுக்கை என்று இடம்தான் மாறுகிறது. பிரெஞ்சில் இதே ஏலாமையை "ஜ நான் ப ப்ளூ" என்பார்கள். வினையே வேறு. அது 'செய்' இல்லை, 'இயலு'. அண்ணன் தம்பி மொழிகளுக்கே துண்டுக்குத் துண்டு பொருந்தவில்லை என்றால் ஆங்கிலத்துக்கு எங்கே பொருந்தும்?

இதை நான் டீக்கடையில் சொன்னபோது ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் மறுத்தார். "ஓய், துண்டு துண்டா தெரிஞ்சாத்தானே பிள்ளையள் தப்பில்லாம பேசும். நீரு மொத்தமா முழுங்கச் சொல்லுதீரு" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பேசுவதற்குத் துண்டு தெரிய வேண்டும். ச்சி என்பது லாவுக்கு முன்னால் வந்தால் ச்சே ஆகும். கடந்த காலத்தில் ஃபாத்தோ என்று வராமல் ஃபாத்தா என்று வருவதற்குக் காரணம் அந்தப் பெண்பால் லா. கிளம்பு என்பதில் நான் என்றால் மே நே, நீ என்றால் தே நே, அவன் என்றால் சே நே. இதெல்லாம் துண்டு தெரியாமல் வராது. ஆனால் இது வாயில் சொல்லைக் கட்டுவதற்கான கணக்கு. காதில் விழுந்ததை இன்னொரு மொழியில் சொல்லும்போது இந்தக் கணக்கைத் தூக்கி வைத்துவிட வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு யாராவது சாரத்தோடு குடியேறுவார்களா?

இனி அந்தார்சேனே. அந்தாரே என்றால் போ. சே என்றால் தன்னை. நே என்றால் அங்கிருந்து. சேர்ந்தால் கிளம்பு, இடத்தைக் காலி செய். இதற்கும் வெறும் அந்தாரேக்கும் என்ன வித்தியாசம்? வெறும் அந்தாரேக்குப் போகிற இடம் வேண்டும்: வீட்டுக்கு, கடைக்கு, கோயிலுக்கு. அந்தார்சேனேக்கு விட்டுப் போகிற இடம்தான் முக்கியம். எங்கே போகிறான் என்று அது கவலைப்படுவதில்லை.

ஆகவே "மே நே வாதோ" என்பதை "ஐ கோ" என்று எழுதுவது பாதிச் செய்தியை விழுங்குவது. "ஐம் லீவிங்" என்று எழுதலாம். நண்பர்களோடு இருந்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்தால் "ஐம் ஆஃப்". யாரையாவது விரட்டினால் "வாத்தேனே!" என்பார்கள். அது "கோ அவே!" அல்லது "கெட் அவுட்!". நம்மிடம் "போய்த் தொலை" இருக்கிறது. அதிலும் 'தொலை'யை யாரும் தனியாக மொழிபெயர்ப்பதில்லை.

இதில் நம் ஆட்களுக்கு உள்ளுணர்வு தானாகவே உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் "போறேன்" என்று சொல்லுவோமா? சொன்னால் ஆச்சி கையை ஓங்குவாள். "போயிட்டு வாறேன்னு சொல்லு" என்பாள். வெறும் 'போறேன்' என்பதில் திரும்பி வராத போக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். இத்தாலியர்களுக்கும் தெரியும். "சே நே அந்தாத்தா" என்றால் அவள் கிளம்பிவிட்டாள் என்றும் வரும், காலமாகிவிட்டாள் என்றும் வரும். நாம் "போயிட்டாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதுபோலத்தான். ஆங்கிலத்தில் "ஷீ இஸ் கான்" என்றால் இரண்டுக்கும் பொருந்தும். "ஷீ வென்ட் அவே" என்று எழுதினால் பாட்டி ஊட்டிக்குப் போய்விட்டாள் என்றாகும்.

இந்தப் பெண் அதற்கும் பக்கத்தில் போய்வந்துவிட்டாள். மேல்மாடியில் இருந்த ஒரு பெரியவரை மாரடைப்பு என்று ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். மறுநாள் பக்கத்து வீட்டம்மா படியில் இவளிடம் "நோன் ச்சே லா ஃபாத்தா" என்றாள். புத்தகப்படி பார்த்தால் அவர் அதை அங்கே செய்யவில்லை. இவள் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. "தாத்தா, நான் சிரிச்சிட்டனே" என்று போனில் அழுதாள். அவர் பிழைக்கவில்லை. ஆங்கிலத்தில் "ஹி டிட்ன்ட் மேக் இட்". ஃபார்ச்சேலாவுக்கு 'மேக் இட்' அச்சாகப் பொருந்துகிற இடங்களில் இது ஒன்று.

இரண்டு சாவுச் சொல்லுக்கும் நடுவில் ஒரு வித்தியாசத்தையும் அவளுக்குச் சொன்னேன். உயிருக்குப் போராடித் தோற்றவருக்குத்தான் "நோன் ச்சே லா ஃபாத்தா". ஆபரேஷன், விபத்து, மாரடைப்பு என்று வரும்போது சொல்வது. ஆண்டு அனுபவித்துத் தூக்கத்தில் அடங்கியவருக்கு அது வராது. அங்கே "சே நே அந்தாத்தோ", "ஹி இஸ் கான்". நாமும் ஒன்றுக்குப் "பிழைக்கல்ல" என்கிறோம், மற்றதுக்குப் "போய்ச் சேர்ந்துட்டாரு" என்கிறோம். தமிழில் ஏற்கனவே கையில் இருக்கிற வித்தியாசத்தை ஆங்கிலப் பத்தி அழித்துவிட்டு, அழிந்ததைத் தமிழ்ப் பத்தியில் திரும்ப எழுதுகிறது.

வலிக்கும் இந்தச் சொல்தான் வரும். "இல் தொலோரே நோன் சே நே வா" என்று நோயாளி சொன்னால், வலி போகவில்லை. ஆனால் "த பெயின் டஸ் நாட் கோ" என்று எழுதினால் உயிர் இருக்காது. "த பெயின் வோன்ட் கோ அவே" என்று எழுத வேண்டும். ஏன் 'வோன்ட்'? வலிக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறதுபோலப் பேசுகிறோம். நம்மிடம் கேளுங்கள்: "வலி போக மாட்டேங்குது." வலியா மாட்டேன் என்கிறது? ஆனால் அப்படித்தான் சொல்கிறோம். துணியில் கறை போகாததற்கும் இத்தாலியனில் இதே வினைதான். ஆங்கிலத்தில் அப்போது 'கோ அவே' பொருந்தாது, "வோன்ட் கம் அவுட்". போவது வருவதாகிவிடுகிறது, பார்த்தீர்களா? இதை எந்தத் துண்டிலிருந்து எடுப்பீர்கள்?

என் வழக்கு இதுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஆங்கிலத்தை நடுவில் தரகராக உட்காரவைக்கிறார்கள். தரகர் தப்பாகச் சொன்னாலும் அதுதான் கடைசிவரை போகிறது. தமிழில் இதே வேலையைச் செய்ய 'கொள்', 'விடு', 'தொலை' என்று துணைவினைகள் வரிசையாக நிற்கின்றன. "பார்த்துக்கோ" என்பதைப் பார், பிறகு கொள் என்று பிரித்து எந்தத் தாயாவது புரிந்துகொள்வாளா? "பிள்ளையைப் பார்த்துக்கோ" என்றால் கவனி. "நான் பார்த்துக்கிடுதேன்" என்றால் அந்தப் பொறுப்பு என்னுடையது. அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் மிரட்டல். இப்படிப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு ச்சே லாவும் சே நேயும் அதிசயமே இல்லை. "நம்ம 'கொள்' மாதிரி ஒண்ணு" என்று ஒரு வரி சொன்னால் விளங்கிவிடும். முதலில் அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்லுவோம் என்று கேட்க வேண்டும். பிறகு அதற்கு ஆங்கிலேயன் என்ன சொல்லுவான் என்று தேட வேண்டும். புத்தகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

வீரமாமுனிவரை நினைத்துப் பார்க்கிறேன். 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி அவர். இங்கே வந்து செந்தமிழுக்கு ஒரு இலக்கணம், தெருவில் பேசுகிற கொடுந்தமிழுக்குத் தனியாக ஒரு இலக்கணம் என்று லத்தீனில் எழுதினார். அந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. பாவமன்னிப்புக் கேட்க வருகிறவன் பேச்சுத் தமிழில்தான் அழுவான் என்று அந்த இத்தாலியருக்குத் தெரிந்திருக்கிறது. கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் கழித்து நாம் அவர் ஊருக்குப் பிள்ளைகளை அனுப்புகிறோம், அங்கே கிழவிகள் பேசுகிற பேச்சைச் சொல்லிக்கொடுக்காமல்.

புத்தகத்தைத் திருத்த என்னால் முடியாது. அந்தப் பெண்ணின் நோட்டைத் திருத்த முடிந்தது. இப்போது அவள் ஒவ்வொரு வினைக்கும் கீழே எங்கே கேட்டாள், யார் சொன்னார்கள், அப்போது கையில் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறாள். பிறகு தமிழ். கடைசியில்தான் ஆங்கிலம். போன வாரம் மகனுக்கு எழுதிய வரியை எனக்கும் அனுப்பியிருந்தாள். பாட்டி தேவாலயம்வரை நடந்து போய் வந்தாளாம். வாசலில் நின்று "ச்சே லோ ஃபாத்தா" என்றாளாம்.

இவள் எழுதியிருந்தது: "ஷீ மேட் இட் டு த சர்ச் அண்ட் பேக்." நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.